பலகை விலைப் பட்டியல்: ஆன்லைன் ஆர்டருக்கான அட்டவணை, சரிபார்ப்புப் பிரதி

ஐயா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய பலகைப் படத்தை அட்டவணையாக மாற்றியிருக்கிறேன். 25 வரிகள் வந்திருக்கின்றன. அவற்றில் 23 வரிகளை இன்றே திறக்கலாம். இரண்டு வரிகளை உங்கள் விடை வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பலகையில் ஓர் உணவுக்கு ஒரு வரி, அளவுக்கு ஒரு பத்தி. இங்கே ஒவ்வோர் அளவும் தனி வரி. வாடிக்கையாளர் கூடையில் போடுவது "சிக்கன் ஃப்ரைடு ரைஸ்" என்ற பொதுப்பெயரை அல்ல, அதன் அரை பிளேட்டை அல்லது முழு பிளேட்டை. சமையலறைச் சீட்டிலும் அதுதான் அச்சாக வேண்டும்.

| குறியீடு | பிரிவு | உணவு | அளவு | விலை | விற்பனை |
|---|---|---|---|---|---|
| 111 | சூப் | வெஜ் சூப் | சிறிய கிண்ணம் | 60 | ஆம் |
| 112 | சூப் | வெஜ் சூப் | பெரிய கிண்ணம் | 90 | ஆம் |
| 121 | சூப் | சிக்கன் சூப் | சிறிய கிண்ணம் | 70 | ஆம் |
| 122 | சூப் | சிக்கன் சூப் | பெரிய கிண்ணம் | | நிறுத்தம் |
| 211 | ரைஸ் | வெஜ் ஃப்ரைடு ரைஸ் | அரை பிளேட் | 90 | ஆம் |
| 212 | ரைஸ் | வெஜ் ஃப்ரைடு ரைஸ் | முழு பிளேட் | 150 | ஆம் |
| 213 | ரைஸ் | வெஜ் ஃப்ரைடு ரைஸ் | குடும்ப அளவு (4 பேர்) | 400 | ஆம் |
| 221 | ரைஸ் | முட்டை ஃப்ரைடு ரைஸ் | அரை பிளேட் | 100 | ஆம் |
| 222 | ரைஸ் | முட்டை ஃப்ரைடு ரைஸ் | முழு பிளேட் | 170 | ஆம் |
| 223 | ரைஸ் | முட்டை ஃப்ரைடு ரைஸ் | குடும்ப அளவு (4 பேர்) | 450 | ஆம் |
| 231 | ரைஸ் | சிக்கன் ஃப்ரைடு ரைஸ் | அரை பிளேட் | 120 | ஆம் |
| 232 | ரைஸ் | சிக்கன் ஃப்ரைடு ரைஸ் | முழு பிளேட் | 200 | ஆம் |
| 233 | ரைஸ் | சிக்கன் ஃப்ரைடு ரைஸ் | குடும்ப அளவு (4 பேர்) | 520 | ஆம் |
| 241 | நூடுல்ஸ் | வெஜ் நூடுல்ஸ் | அரை பிளேட் | 90 | ஆம் |
| 242 | நூடுல்ஸ் | வெஜ் நூடுல்ஸ் | முழு பிளேட் | 150 | ஆம் |
| 251 | நூடுல்ஸ் | சிக்கன் நூடுல்ஸ் | அரை பிளேட் | 120 | ஆம் |
| 252 | நூடுல்ஸ் | சிக்கன் நூடுல்ஸ் | முழு பிளேட் | 200 | ஆம் |
| 253 | நூடுல்ஸ் | சிக்கன் நூடுல்ஸ் | குடும்ப அளவு (4 பேர்) | | நிறுத்தம் |
| 311 | கோழி | பொரித்த கோழி | கால் கோழி | 140 | ஆம் |
| 312 | கோழி | பொரித்த கோழி | அரைக் கோழி | 260 | ஆம் |
| 313 | கோழி | பொரித்த கோழி | முழுக் கோழி | 480 | ஆம் |
| 321 | கோழி | கிரில் சிக்கன் | கால் கோழி | 150 | ஆம் |
| 322 | கோழி | கிரில் சிக்கன் | அரைக் கோழி | 280 | ஆம் |
| 323 | கோழி | கிரில் சிக்கன் | முழுக் கோழி | 510 | ஆம் |
| 411 | பானம் | எலுமிச்சைச் சாறு | ஒரே அளவு | 40 | ஆம் |

அளவுப் பெயர்களில் நான் செய்த மாற்றத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். பலகையில் "அரை", "முழு" என்ற அளவுகள் இரண்டு இடங்களில் வருகின்றன. ரைஸுக்கு மேலே இருந்தால் அது பிளேட். கோழிக்கு மேலே இருந்தால் பறவை. கடையில் நிற்பவருக்குத் தலைப்பும் உணவும் ஒரே பார்வையில் தெரியும். தொலைபேசித் திரையில் பலகை இல்லை. "முழு" என்று மட்டும் இருந்தால், ஒரு பிளேட் பொரித்த கோழி என்று நினைத்து ஒருவர் முழுக் கோழியை வாங்கிவிடுவார். பணம் போன பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியின் துணையில்லாமல் தானாகப் புரியும்படி எழுதியிருக்கிறேன்.

கோழிப் பிரிவின் தலைப்பில் 1/4, 1/2 என்று இருப்பதை எழுத்தாலேயே எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எக்செலில் 1/2 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். பின்னர் யாராவது கோப்பைத் திறந்து திருத்தும்போதும் இது நேரலாம். அதே காரணத்தால்தான் குறியீடுகளில் கோடு எதுவும் இல்லை: முதல் இலக்கம் பலகையின் பகுதி, இரண்டாவது உணவு, மூன்றாவது அளவு. ரைஸும் நூடுல்ஸும் பலகையில் ஒரே தலைப்பின் கீழ் இருப்பதால் இரண்டுக்கும் முதல் இலக்கம் 2.

படம் இடப்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதால் வரிகள் வலப்பக்கம் மேலே ஏறுகின்றன. குடும்ப அளவுப் பத்தியில் 450 என்பது வெஜ் ஃப்ரைடு ரைஸுக்கு நேராக இருப்பதுபோல் தோன்றும். கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பகுதியில் ஐந்து உணவுகள். பத்தியில் மேலிருந்து 400, 450, 520, ஒரு கோடு, வெளிச்சம் பட்டு வெளுத்த ஓர் இடம் என ஐந்து குறிகள். வரிசை சரியாகப் பொருந்துகிறது. 400 வெஜ் ரைஸுக்கு, 450 முட்டை ரைஸுக்கு.

வெஜ் நூடுல்ஸின் குடும்ப அளவில் கோடு இருப்பதால் அதற்கு வரியே போடவில்லை. விலை தெரியாத இடங்களில் 0 எழுதவும் இல்லை. 0 என்பதும் ஒரு விலை, அந்த விலைக்கே ஆர்டர் வந்து நிற்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை.

சிக்கன் சூப் பெரிய கிண்ணத்துக்கு (122) எண்ணுக்குப் பதிலாக "மேற்படி" குறி இருக்கிறது. குறியின்படி பார்த்தால் 90. ஆனால் சிறிய கிண்ணத்தில் சிக்கன் சூப் வெஜ் சூப்பைவிட 10 அதிகம். பெரியதில் மட்டும் இரண்டும் ஒன்றா? 90 என்றால் 90 என்றே சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

சிக்கன் நூடுல்ஸ் குடும்ப அளவு (253) விளக்கொளியில் மறைந்துவிட்டது. அரையும் முழுவும் சிக்கன் ரைஸின் விலையே என்பதால் 520 என்று எழுதத் தோன்றும். எழுதவில்லை. வெஜ் நூடுல்ஸில் குடும்ப அளவு இல்லாததுபோல இங்கும் இல்லாமல் இருக்கலாம். ஒளிக்கு அடியில் இருப்பது எண்ணா, கோடா என்பதே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, பலகைக்கு நேர் எதிரே நின்று அந்த மூலையை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விலையை வாய்மொழியாகச் சொல்வதைவிடப் படம் நல்லது. பலகையும் அட்டவணையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிரில் சிக்கன் அரைக் கோழியின் 280, பழைய எண்ணின் மேல் ஒட்டிய காகிதத்தில் இருக்கிறது. புதிய விலையைத்தான் எடுத்திருக்கிறேன். கால், முழு இரண்டிலும் காகிதம் இல்லை. அரை மட்டும்தான் உயர்ந்ததா, மற்ற இரண்டுக்கும் ஒட்ட மறந்துவிட்டார்களா? முழுக் கோழியின் முதல் இலக்கம் 5, 6 இரண்டு போலவும் தெரிகிறது. 610 என்றால் இரண்டு அரைக் கோழிகள் 560க்கே கிடைத்துவிடும். அதனால் 510 என்று கொண்டேன். 321, 322, 323 மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து உறுதி செய்யுங்கள்.

பலகையின் அடியில் நட்சத்திரக் குறியோடு "கூடுதல் முட்டை 15" என்றிருக்கிறது. நட்சத்திரம் முட்டை ரைஸ், சிக்கன் ரைஸ் இரண்டின் பக்கத்தில் மட்டுமே உள்ளது. இதைத் தனி உணவாக்கினால் யாரோ வெறும் முட்டையை ஆர்டர் செய்வார்கள். ஆகவே 221, 222, 231, 232 ஆகிய நான்கு வரிகளோடு விருப்பத் தேர்வாக இணைத்திருக்கிறேன். குடும்ப அளவுக்கு 15 போதுமா என்று பலகை சொல்லவில்லை. அதற்கு இப்போதைக்கு இணைக்கவில்லை.

எலுமிச்சைச் சாற்றின் 40, மூன்று பத்திகளின் நடுவில் தனியாக நிற்கிறது. நடுப்பத்தி என்று கொண்டால் அந்தப் பத்தியின் அளவுப்பெயர் இதற்கும் வந்துவிடும். அதை ஒரே அளவாகவே எடுத்தேன்.

கோப்பை UTF-8 CSV வடிவில், எக்செலில் தமிழ் சிதையாமல் திறக்கும்படி BOM சேர்த்துச் சேமித்திருக்கிறேன். 122க்கும் 253க்கும் விடை வந்தவுடன் அந்த இரண்டு வரிகளை மட்டும் திருத்தித் திறந்துவிடுகிறேன். மற்ற 23 வரிகளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.