பப்ளிக் லா விடைத்தாள் பற்றி நிவேதாவுக்கு

பெங்களூரு
14 டிசம்பர் 2025

அன்புள்ள நிவேதா,

"மூணாவது கேள்விக்கு ஏன் மேடம் இவ்வளவு கம்மி மார்க்?" என்று கேட்டாய். வராந்தாவில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதில் பாதி உன் தாளில் பார்த்தது, மீதி அந்த விடைத்தாள் கட்டு முழுக்கப் பார்த்தது. நீ நன்றாகப் படித்திருக்கிறாய் என்பது தாளைப் புரட்டினாலே தெரிகிறது. சிக்கல் அங்கே இல்லை. படித்ததை எல்லாம் கொட்டிவிட்டாய், கேட்டதற்குப் பதில் மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். சிவாஜிநகரில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் செல்வி. கையில் விற்பனைச் சான்றிதழ் இருக்கிறது. ஒரு நாள் காலை மாநகராட்சி அதிகாரி வந்து, நோட்டீஸ் எதுவும் தராமல், வண்டியையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு போகிறார். உத்தரவில் ஒரே வரி: "போக்குவரத்துக்கு இடையூறு." செல்வி கோர்ட்டுக்குப் போனதும் மாநகராட்சி தன் அஃபிடவிட்டில், "உணவு சுகாதாரமற்றது" என்று புதுக் காரணம் ஒன்றைச் சேர்க்கிறது. செல்விக்கு என்ன பரிகாரம்?

நீ எப்படித் தொடங்கினாய்? "இந்தியா உலகின் மிகப்பெரிய ஜனநாயக நாடு." அப்புறம் முகப்புரை, சமூக நீதி, ஆர்டிகிள் 21, மேனகா காந்தி, ஓல்கா டெல்லிஸ். ஒன்றரைப் பக்கம் போய்விட்டது, செல்வியின் பெயரே வரவில்லை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் கடைசிவரை வரவே இல்லை.

பப்ளிக் லாவில் எந்தப் பிரச்சினைக் கேள்வியாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "இதைச் செய்தது யார், எந்த அதிகாரத்தை வைத்துச் செய்தார்?" என்பதுதான். உரிமை அதற்கு அப்புறம். அந்த 2014 சட்டத்தின் செக்‌ஷன் 18-ஐப் பார். சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒருவரை அகற்ற வேண்டுமென்றால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் அவர் இடத்தைக் காலி செய்யாவிட்டால்தான் செக்‌ஷன் 19-ன்படி பொருட்களைப் பறிமுதல் செய்யலாம். அப்போதும் எடுத்த பொருட்களுக்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கெட்டுப்போகும் பொருளை அவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். நம் அதிகாரி இதில் எதையும் செய்யவில்லை. அதாவது, தன்னிடம் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார். பாதி விடை இங்கேயே முடிந்துவிட்டது, அரசியலமைப்பை நீ இன்னும் தொடக்கூட இல்லை.

அடுத்தது இயற்கை நீதி. சட்டமே நோட்டீஸ் கேட்கும்போது இது கூடுதல் பலம், அவ்வளவுதான். இரண்டு பத்தி எழுதினால் போதும். அதற்கு அப்புறம் அந்த அஃபிடவிட். இதைக் கட்டில் மிகச் சிலர்தான் தொட்டிருக்கிறார்கள். எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் அந்த வரியை நான் கேள்வியில் வைத்ததே மொஹிந்தர் சிங் கில் வழக்குக்காக (1978). ஓர் உத்தரவு நிற்குமா நிற்காதா என்பதை அதில் எழுதியிருக்கும் காரணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பின்னால் அஃபிடவிட் போட்டுப் புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது. கேள்வியில் ஒரு சின்னத் தகவல் உறுத்துகிற மாதிரி நிற்கிறது என்றால், அது சும்மா நிற்கவில்லை என்று வைத்துக்கொள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஆர்டிகிள் 14, 19(1)(ஜி), கடைசியில் 21. ஆர்டிகிள் 21-ஐ எல்லா இலையிலும் சாம்பார் மாதிரி ஊற்றுகிற பழக்கம் உங்கள் பேட்ச் முழுவதற்கும் இருக்கிறது.

பரிகாரம் என்ற தலைப்பில் ஐந்து ரிட்டையும் வரிசையாக எழுதியிருந்தாய், ஹேபியஸ் கார்பஸ் உட்பட. வண்டியைத்தானே பிடித்தார்கள், ஆளையா பிடித்தார்கள்? உத்தரவை ரத்து செய்ய செர்ஷியோராரி, வண்டியைத் திருப்பித் தரச் சொல்ல மாண்டமஸ், இரண்டு போதும். ஆர்டிகிள் 32-ன் கீழ் நேரே உச்சநீதிமன்றம் போகச் சொல்லியிருக்கிறாய். போகவே கூடாது என்று இல்லை. ஆனால் 32 அடிப்படை உரிமைகளுக்கு மட்டும். நம் வாதத்தின் முதுகெலும்போ சட்டத்தை மீறியது என்பது. அதற்கு 226-தான் சரி. பெங்களூருவிலேயே உயர் நீதிமன்றம் இருக்க, செல்வி எதற்கு டெல்லிக்கு ரயில் ஏற வேண்டும்? எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்றும் யோசி. "சட்டத்திலேயே குறைதீர்ப்புக் குழு இருக்கிறது, முதலில் அங்கே போகட்டும்" என்பார்கள். அதற்கு வேர்ல்பூல் வழக்கு (1998): இயற்கை நீதி மீறல், அதிகாரமே இல்லாமல் செய்தது போன்றவற்றில் மாற்று வழி இருப்பது ரிட்டுக்குத் தடையாகாது. இந்த வாதத்தை எழுதிப் பதிலும் சொன்ன தாளுக்குத்தான் அதிக மார்க் போயிருக்கிறது.

இனி வழக்குகளைச் சொல்லும் விதம். உன் தாளில் வழக்குப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஓல்கா டெல்லிஸில் "நடைபாதைவாசிகளை அகற்றக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது" என்று எழுதியிருக்கிறாய். தடுக்கவில்லை. வாழ்வாதாரம் ஆர்டிகிள் 21-க்குள் வரும் என்று சொன்ன அதே தீர்ப்பு, மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் செக்‌ஷன் 314 செல்லும் என்றும் சொன்னது. மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை அகற்ற வேண்டாம் என்று அவகாசம் கொடுத்தது, அவ்வளவுதான். செல்விக்காக வாதாடுகிற நீ இந்த வழக்கைக் காட்டினால், மாநகராட்சி வக்கீல் அதே தீர்ப்பை எடுத்து உன்னையே மடக்குவார்.

இது ஒன்றில் மட்டும் நடக்கும் தப்பு இல்லை. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தன் பதவி மாற்றத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில்தான் (1974) தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கு எதிரி என்ற கொள்கை பிறந்தது. ஆனால் அவர் மனு தள்ளுபடியானது. மேனகா காந்தி வழக்கில் (1978) பாஸ்போர்ட் சட்டப் பிரிவை நீதிமன்றம் அடித்துப் போடவில்லை. அவர் தரப்பைக் கேட்கிறோம் என்று அரசு கொடுத்த உறுதியை ஏற்றுக்கொண்டது. கொள்கை வேறு, முடிவு வேறு. ஒரு வழக்கைப் படித்து முடித்ததும் "கடைசியில் யார் ஜெயித்தார்கள்?" என்று ஓரத்தில் குறித்து வை.

பெயர்க் குழப்பமும் உண்டு. புட்டசாமி என்று இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017. ஆதார் சட்டத்தைப் பெரும்பகுதி ஏற்றது 2018, ஐந்து நீதிபதிகள், அதில் ஒருவர் மாறுபட்டார். நீ 2018-ல் மாறுபட்ட நீதிபதி சொன்னதை எடுத்து 2017 தீர்ப்பு என்று போட்டிருக்கிறாய். மாறுபட்ட தீர்ப்பை மேற்கோள் காட்டலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது மாறுபட்ட தீர்ப்பு என்று சொல்லிவிட்டுக் காட்ட வேண்டும். நம் ஊர் ஹிஜாப் வழக்கிலும் இதே கதை. உச்சநீதிமன்றத்தில் 2022 அக்டோபரில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். உன் வகுப்பில் பாதிப் பேர் "உச்சநீதிமன்றம் தடை செல்லும் என்றது" என்கிறார்கள், மீதிப் பேர் "செல்லாது என்றது" என்கிறார்கள்.

ஆளுநர் கேள்வி. மசோதாக்களில் ஆளுநர் முடிவெடுக்கக் காலவரம்பு விதித்து ஏப்ரலில் வந்த தமிழ்நாடு தீர்ப்பை நம் பிள்ளைகள் எல்லோரும் உற்சாகமாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் நவம்பரில் ஐந்து நீதிபதிகள், குடியரசுத் தலைவர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலாக, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்று கருத்துச் சொல்லிவிட்டார்கள். அதை எழுதாத விடை பழைய பேப்பர். அதை எழுதி, "ஏப்ரல் தீர்ப்பு ரத்தாகிவிட்டது" என்று முடித்த விடையும் தப்பு. ஆர்டிகிள் 143-ன் கீழ் சொல்வது ஆலோசனைக் கருத்து. தான் ஏற்கெனவே கொடுத்த தீர்ப்பின் மேல் மேல்முறையீடு கேட்பது போல அதைப் பயன்படுத்த முடியாது. 1991-ல் காவிரி விஷயத்தில் கர்நாடகாவின் அவசரச் சட்டம் பற்றிய கருத்திலேயே உச்சநீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இழுபறியை எழுதத்தான் அந்தக் கேள்வி.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பேச்சுரிமையைப் "பொதுநலன் கருதி" கட்டுப்படுத்தலாம் என்று எழுதாதே. 19(2)-ல் இருக்கும் பட்டியலில் பொதுநலன் கிடையாது. அது 19(6)-ல், தொழில் செய்யும் உரிமைக்கு இருக்கிறது. 1951 திருத்தம்வரை "பொது ஒழுங்கு"கூட 19(2) பட்டியலில் இல்லை, அதனால்தான் ரமேஷ் தாப்பர் வழக்கில் மெட்ராஸ் அரசு தோற்றது. முதல் கேள்வியில் வந்தவர் வெளிநாட்டு மாணவர். அவருக்கு ஆர்டிகிள் 14-ம் 21-ம் உண்டு, 19 இல்லை. "இது விகிதாசாரமற்றது" என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதாதே. நோக்கம் சரியா, வழி அந்த நோக்கத்துக்கு உதவுகிறதா, இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வழி இருந்ததா, கடைசியில் லாப நஷ்டம் ஒத்துவருகிறதா என்று நான்கு படியிலும் கேள்வியில் இருக்கும் தகவலைப் பொருத்திக் காட்டு. சாதாரணச் சட்டம் ஒன்று "அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறது, ஆகவே செல்லாது" என்றும் எழுதாதே. கேசவானந்தா அரசியலமைப்புத் திருத்தங்களுக்கானது. சாதாரணச் சட்டத்தை அந்த ஒரு காரணத்துக்காக ரத்து செய்ய முடியாது என்று 2024-ல் உத்தரப் பிரதேச மதரஸா வழக்கில் மறுபடியும் தெளிவாகச் சொன்னார்கள்.

நேரம். முதல் கேள்விக்கு ஆறு பக்கம், ஐந்தாவதுக்கு முக்கால் பக்கம். இரண்டுக்கும் ஒரே மார்க்தான். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மூன்றாவது கேள்வியை மட்டும் மறுபடி எழுது, இரண்டரைப் பக்கத்துக்குள். முதல் வரியிலேயே செல்வியும் அந்த அதிகாரியும் வந்துவிட வேண்டும். அந்த 2014 சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுது, பரவாயில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஸ்டாஃப் ரூமில்தான் இருப்பேன், கொண்டு வா. இம்ரானும் கேட்டிருந்தான், அவனையும் எழுதி எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
உமா