நைட் டியூட்டி ரூல்ஸ்: எது SEV1, எது SEV2, எது காலைல பாத்துக்கலாம்

கிருஷ்ணகிரி ஆபீஸ்ல நைட் 9ல இருந்து காலைல 6 வரைக்கும் போன் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கு இது. பழசு பதினோரு பக்கம் இருந்துச்சு, ராத்திரி ரெண்டரைக்கு யாரும் படிக்கல, அதனால அத தூக்கியாச்சு. இனிமே இது மட்டும்தான்.

அலர்ட் வந்தா எவ்வளவு பெரிசா உடைஞ்சிருக்குன்னு பாக்காதீங்க. ரெண்டே கேள்வி. விடியற வரைக்கும் விட்டா திரும்ப சரி பண்ண முடியாதபடி ஏதாவது போயிடுமா (பால், காசு கணக்கு, டேட்டா)? ஆமான்னா SEV1. இல்லன்னா, காலைல அஞ்சரைக்கு சொசைட்டில பால் ஊத்த ஆரம்பிக்கறப்ப இது இடைஞ்சலா நிக்குமா? ஆமான்னா SEV2. ரெண்டுமே இல்லன்னா SEV3, டிக்கெட் போட்டுட்டு படுங்க. சந்தேகமா இருந்தா ஒரு படி மேல போடுங்க. தேவையில்லாம எழுப்பினீங்கன்னு இதுவரை யாரையும் கேட்டதில்ல, இனியும் கேக்க மாட்டோம்.

சர்வர் மொத்தமா படுத்துட்டா எல்லாரும் பதறிப்போய் SEV1 போடுறீங்க, ஆனா ராத்திரி 11 மணிக்கு சர்வர் டவுன்னா அது SEV2தான், ஏன்னா பால் வாங்கற சென்டர்ல இருக்கற பாக்ஸ் ரெண்டு நாள் என்ட்ரிய தனக்குள்ளயே வச்சிக்கும், லைன் வந்ததும் தானா அனுப்பிடும். மூன்றரைக்குள்ள எழும்பலன்னா மட்டும் SEV1 ஆக்குங்க.

இதுக்கு நேர் எதிர், எல்லாம் பச்சையா இருக்கும் ஆனா பால்ல கொழுப்பு, அதாவது பேட் அளவு தப்பா பதிவாகியிருக்கும். அன்னிக்கு சாயந்திர என்ட்ரில ஒரு சென்டர்ல எல்லாருக்கும் ஒரே பேட் 3.0ன்னு வந்திருந்தா அது SEV1, ஒரே ஒரு சென்டரா இருந்தாலும். காரிமங்கலம் பக்கம் ஒரு மாடு வச்சிருக்கற அம்மாவுக்கு அந்த பாயின்ட்தான் காசு, பில் போனப்புறம் திருத்தறது எவ்வளவு பாடுன்னு பட்டவங்களுக்குத் தெரியும். ராத்திரியே பில் ஜாப்ப நிறுத்தச் சொல்லி லீடுக்கு கால் பண்ணுங்க, நம்பர கையால திருத்தாதீங்க.

கூலர் டெம்பரேச்சர். பால் 4 டிகிரில இருக்கணும். சாயந்திரம் சூடா கறந்த பால் ஊத்தறப்ப மேல ஏறும், அது சகஜம், 9 மணி வரைக்கும் விடுங்க. 9க்கு மேல யாரும் பால் ஊத்தறதில்ல, அப்ப ஏறுதுன்னா நிஜமாவே ஏறுது. 5 தாண்டினா SEV2, சென்டர் அண்ணனுக்கு போன் போட்டு கம்ப்ரசர் ஓடுதான்னு கேளுங்க. 7 ஆயிட்டா, இல்ல அரைமணி நேரத்துல 1 டிகிரி ஏறினா SEV1, உடனே லீட்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. பென்னாகரம் பக்கம் கரண்ட் போனா கூலரும் நிக்கும், சென்சாரும் செத்துடும், ஸ்கிரீன்ல கடைசியா வந்த 4.1 அப்படியே நிக்கும், பாக்க அழகா இருக்கும். அதனால நம்பர பாக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற டைம பாருங்க. 20 நிமிஷத்துக்கு மேல பழசா இருந்தா சென்டருக்கு கால் பண்ணி ஜெனரேட்டர் போட்டாங்களான்னு கேளுங்க. 15 நிமிஷத்துல யாரும் எடுக்கலன்னா SEV1. சிக்னல் இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

டிஸ்க் அலர்ட் வந்தா இத அடிங்க:

```
df -h /var/lib/postgresql
```

Use% 90க்கு கீழன்னா SEV3. 90ல இருந்து 95 வரைக்கும் SEV2. 95 தாண்டினா SEV1. எதுவா இருந்தாலும் ஒரு பைலையும் அழிக்காதீங்க, குறிப்பா `pg_wal` போல்டர தொடவே தொடாதீங்க, பேரப் பாத்தா வெறும் லாக் மாதிரி தெரியும், அத அழிச்சா டேட்டாபேஸே எந்திரிக்காம போயிடலாம்.

ஆப் ஸ்லோ, ரிப்போர்ட் பக்கம் திறக்கல, எஸ்எம்எஸ் லேட்டு, யாரோ பாஸ்வேர்ட் மறந்துட்டாங்க, இதெல்லாம் SEV3. சொசைட்டி செயலாளர் கோவமா பேசினாலும் SEV3தான்.

SEV1ன்னா முதல்ல குரூப்ல ஒரு வரி போடுங்க, அப்புறம் கை வைங்க. இப்படி போதும்: "SEV1, பாலக்கோடு கூலர், 2:40க்கு 7.2, அண்ணன்கிட்ட பேசியாச்சு, கம்ப்ரசர் ஓடல." அடுத்து லீடுக்கு கால். எடுக்கலன்னா 5 நிமிஷம் விட்டு இன்னொரு கால், அதுக்கும் எடுக்கலன்னா ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கற லிஸ்ட்ல அடுத்த ஆள். மெசேஜ் அனுப்பினது கால் பண்ணினதா ஆகாது, தூங்கறவன் வாட்ஸ்அப் பாக்க மாட்டான்.

SEV2ன்னா நீங்களே பாருங்க, 45 நிமிஷத்துல பிடிபடலன்னா லீட எழுப்புங்க.

லெவல ஏத்தறது உங்க இஷ்டம். இறக்கறது லீட் மட்டும்தான், தானா சரியாயிடுச்சுன்னாலும். ராத்திரில SEV1க்கு எந்திரிச்சவங்க அடுத்த நாள் மதியம் 2 மணிக்கு வந்தா போதும், யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேணாம்.