கோகோ மரம் முதல் கொடியேற்றம் வரை: கானா 1945–1957

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, சுவர் காலக்கோடு. படிக்கும் முறை: சிவப்பு நூல் எங்கே போகிறதோ அங்கே போகவும். ஆண்டு வரிசை அப்புறம்.

1945–47. மூன்று நூல்கள் இங்கே தொடங்குகின்றன
அப்போது கானாவின் பெயர் கோல்ட் கோஸ்ட், பிரிட்டனின் காலனி. பர்மாவில் பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பியவர்களுக்குச் சொன்ன உதவித்தொகையும் வரவில்லை, வேலையும் இல்லை. கோகோ மரங்களில் வீங்கு தண்டு நோய். மருந்து கிடையாது என்று அரசு மரங்களை வெட்டியது. காய்த்துக்கொண்டிருந்த மரத்தையும் வெட்டினால் விவசாயி என்ன செய்வார்? ஐரோப்பியக் கடைகளில் துணியும் மற்ற சாமான்களும் யானை விலை.

⬇ அதனால்

1948 ஜனவரி – பிப்ரவரி
தலைநகர் அக்ராவில், நீ க்வாபெனா போன் என்ற உள்ளூர்த் தலைவரின் தலைமையில் ஐரோப்பியக் கடைகளின் புறக்கணிப்பு. லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைப்பதாக வணிகர்கள் ஒப்புக்கொண்டார்கள். மக்களோ விலையே பெரிதாக இறங்கும் என்று நினைத்தார்கள்.

⬇ மூன்று நூலும் ஒரே நாளில் முடிச்சு விழுகின்றன

1948 பிப்ரவரி 28
புறக்கணிப்பு முடிந்த நாள். கடைக்குப் போனவர்களுக்கு ஏமாற்றம். அதே நாளில் முன்னாள் வீரர்கள் மனு கொடுக்க, ஆளுநர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி நடந்தார்கள். போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தனர். கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவி, மொத்தம் 29 பேர் உயிரிழந்தனர். (துப்பாக்கிச் சூடுதான் காரணம் என்று விடைத்தாளில் எழுதினால் பாதி மதிப்பெண். அது தீக்குச்சி மட்டுமே.)

⬇ அதனால் இரண்டு விளைவு

சுயாட்சி கேட்டுவந்த ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாட்டுக் கட்சியின் ஆறு தலைவர்களை அரசு கைது செய்தது. க்வாமே க்ருமா, டான்குவா அவர்களில் இருவர். கலவரத்தை அவர்கள் நடத்தவில்லை. கைதுதான் அவர்களை நாயகர்களாக்கியது. இன்னொரு பக்கம், வாட்சன் ஆணையம் விசாரித்து அரசியலமைப்பை மாற்றச் சொன்னது.

1949 ஜூன்
புதிய அரசியலமைப்பை வரைந்த கூசி குழுவில் க்ருமாவுக்கு இடமில்லை. சுயாட்சி 'படிப்படியாக' வரட்டும் என்ற கட்சி மூத்தவர்களோடு பிணக்கு வேறு. பிரிந்து மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார்: சுயாட்சி இப்போதே.

1950 ஜனவரி → 1951 பிப்ரவரி
காந்தியின் வழியைப் பார்த்து வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும். க்ருமாவுக்குச் சிறை. சிறையிலிருந்தே தேர்தலில் நின்று ஜெயித்தார். ஆளுநர் ஆர்டன்-கிளார்க் அவரை விடுதலை செய்து ஆட்சி அமைக்க அழைத்தார். வேறு வழி?

1954 → 1956. எதிர்த்திசை நூல், நீல நிறம்
கோகோ கொள்முதல் விலையை க்ருமாவின் அரசே சுமைக்கு 72 ஷில்லிங் என்று கட்டியது. உலகச் சந்தையிலோ விலை உச்சத்தில். கோகோ விளையும் அசாந்தி பகுதி விவசாயிகள் கொதித்தார்கள். அங்குள்ள குமாசி நகரில் தேசிய விடுதலை இயக்கம் பிறந்து கூட்டாட்சி கேட்டது. அதனால் பிரிட்டன், இன்னொரு தேர்தலில் ஜெயித்துக் காட்டு என்றது. 1956-ல் க்ருமாவின் கட்சிக்கு 104 இடங்களில் 71.

1957 மார்ச் 6
கானா விடுதலை. இந்த அட்டையிலிருந்து ஒரு நூல் பின்னோக்கிப் போய், சுவரின் இடது ஓரத்தில் தனியாக இருக்கும் அட்டையில் முடிகிறது: கடலோர ஃபான்டி இனத் தலைவர்கள் பிரிட்டனுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1844 மார்ச் 6.