கேட்டால்தான் தெரியும்: முதல் தலைமுறை மாணவர்களுக்கு ஒரு வரவேற்புரை

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த அம்மா அப்பாக்களும் உள்ளே வந்து உட்காருங்கள், வாசலில் நிற்க வேண்டாம், நான் பேசப் போவதில் பாதி உங்களுக்கும்தான்.

நான் பொருளியல் துறை. இந்த வருடம் உங்கள் குழுவுக்கு நான்தான் மென்டர், அதாவது பாடம் தவிர எந்தச் சிக்கல் வந்தாலும் நீங்கள் முதலில் தேடி வர வேண்டிய ஆள். இந்த அறையில் இருக்கிற எல்லாருடைய விண்ணப்பத்தையும் பார்த்துவிட்டேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் கிராமங்கள்தான் அதிகம். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, பாட்டி வளர்த்த பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள் நீங்கள். அதனால் உங்களுக்கு அறிவு குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிளஸ் டூ மார்க் வைத்துத்தானே சீட் வாங்கி உள்ளே வந்திருக்கிறீர்கள். குறைச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. அப்பா வாத்தியாராக இருக்கிற வீட்டில், இரவுச் சாப்பாட்டின்போதே கல்லூரி எப்படி நடக்கும் என்பது பிள்ளை காதில் விழுந்துவிடும். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசம்தான் மூன்று வருடமும் ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

நாளைக்கே பாருங்கள். திங்கள், செவ்வாய் என்று டைம்டேபிள் இருக்காது, டே ஆர்டர் ஒன்று, இரண்டு என்று இருக்கும், இடையில் லீவு வந்தால் அது தள்ளிப் போகும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் இன்டர்னல், போனஃபைடு, எச்ஓடி கையெழுத்து, அரியர் என்று ஒவ்வொன்றாக வரும். பக்கத்தில் இருக்கிறவன் தலையாட்டுகிறானே என்று நீங்களும் ஆட்டாதீர்கள், அவனுக்கும் தெரியாது.

சரி, நான் இங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பாடம் வராமல் படிப்பை விட்டவர்கள் குறைவு. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனவர்கள்தான் அதிகம். வீட்டில் ஒரு செலவு வரும், 'ஒரு மாதம் வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று பையன் ஓசூருக்குப் போவான். திரும்பி வரும்போது வருகைப்பதிவு குறைந்திருக்கும், துறையில் என்ன சொல்வார்களோ என்று பயம், அந்தப் பயத்திலேயே இன்னும் பத்து நாள் வரமாட்டான். வேண்டியது 75 சதவீதம். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 22 நாள் வரைதான் விடலாம். அதற்குக் கொஞ்சம் கீழே போனால் அபராதம் கட்டித் தேர்வு எழுத வழி இருக்கிறது, ரொம்பக் கீழே போனால் அந்தச் செமஸ்டரே போய்விடும். அதனால் வேலைக்குப் போவதற்கு முன்பே என்னிடம் வாருங்கள். போகாதே என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை எனக்கும் புரியும். கல்லூரி ஷிப்ட் முடிந்த பிறகு செய்கிற மாதிரி வேலை கிடைக்குமா, எத்தனை நாள் விட்டால் தாங்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

இப்போது பணம். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பணம் ஆதார் வழியாக வருவதால், எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கடைசியாக இணைத்தீர்களோ அங்கேதான் போய் விழும். போன வருடம் ஒரு பெண் மாசக்கணக்கில் 'எனக்கு மட்டும் வரவில்லை' என்று அழுதுகொண்டிருந்தாள். பார்த்தால், பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்தே போன பழைய கணக்கில் அத்தனையும் சேர்ந்து கிடக்கிறது. அழுகை சிரிப்பாக மாறிய ஒரே கேஸ் அது, பணம் வராத மற்றவர்களுக்கு ஆதார் இணைப்பே இல்லாமல் இருந்தது. அதனால் இந்த வாரமே வங்கிக்குப் போய், ஆதார் இணைந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பிசி, எம்பிசி மாணவர்களுக்கும் தனி உதவித்தொகை இருக்கிறது. வருமானச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் போடுங்கள், கடைசித் தேதிக்கு முந்தின நாள் அங்கே நிற்கிற வரிசையை நான் பார்த்திருக்கிறேன். அரசு விடுதியில் தங்க, சாப்பிடக் காசு கட்ட வேண்டியதில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் தொங்குகிறவர்கள் வீம்பு பார்க்காமல் விண்ணப்பம் போடுங்கள். விடுதிச் சாப்பாடு பிரமாதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் படிக்க நேரம் மிச்சம். ஊரிலிருந்தே வருகிறவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும்.

ஆங்கிலம். எல்லாருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம் இதுதான், அதனால்தான் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. முதல் செமஸ்டரில் பாதி புரியாது, அது சகஜம். சந்தேகத்தைத் தமிழில் கேளுங்கள், எந்த ஆசிரியரும் தமிழில்தான் பதில் சொல்வார். ஒரு பக்கத்தைப் படித்து அதைத் தமிழில் யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பாருங்கள், எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நான் முதல்வன் திட்டத்திலும் பயிற்சி வகுப்புகள் வரும், அவற்றைக் கட் அடிக்காதீர்கள்.

பெண் பிள்ளைகளிடம் ஒன்று. இரண்டாம் வருடத்தில் வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எடுப்பார்கள். பேச்சு தொடங்கின உடனே எனக்குச் சொல்லுங்கள், பத்திரிகை அடித்த பிறகு அல்ல. வீட்டுக்கு வந்து பேசியிருக்கிறோம், சில இடத்தில் கேட்டிருக்கிறார்கள், சில இடத்தில் கேட்கவில்லை. பதினெட்டு ஆகாதவர்கள் 1098க்கும், மற்றவர்கள் 181க்கும் அழைக்கலாம். அம்மா அப்பாக்களே, நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மூன்று வருடம் பொறுங்கள், டிகிரியை எந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

சீனியர் யாராவது ராகிங் செய்தால், சாதி கேட்டால், கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறம் பார்த்துப் பேசினால் அன்றைக்கே சொல்லுங்கள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 1800-180-5522, அது ராகிங் தடுப்பு எண், காசு கிடையாது. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்றால் 14416, தமிழில் பேசலாம். இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். போன் இல்லாதவர்கள் நோட்டில் எழுதுங்கள்.

அரியர் விழுந்தால் வீட்டில் மறைக்காதீர்கள். அம்மா அப்பாக்களே, அரியர் என்றால் அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுத வேண்டும், அவ்வளவுதான், 'படித்தது போதும்' என்று பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். என் வகுப்பில் முதல் செமஸ்டரில் மூன்று பாடம் போனவன் இப்போது எம்ஏ படிக்கிறான்.

நாளைக்கு மதியம் வகுப்பு முடிந்ததும் முதல் மாடியில் பொருளியல் துறைக்கு வாருங்கள். ஆதார், வங்கி பாஸ்புக், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நகல், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். இல்லாதவர்கள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒன்று குறைகிறதே என்று வராமல் இருந்துவிடாதீர்கள். இப்போது வெளியே டீ கொடுக்கிறார்கள், பெரியவர்கள் முதலில் போங்கள். கேள்வி இருக்கிறவர்கள் இங்கேயே இருங்கள், இல்லாதவர்களும் கொஞ்ச நேரம் இருங்கள்.