பண்ருட்டி முந்திரி வீடியோ: திருத்திய எழுத்து

அக்கா, வணக்கம். உங்கள் கடை வீடியோவுக்கு நீங்கள் எழுதி அனுப்பியதில் தகவல் எல்லாம் சரி. ஆனால் "வணக்கம் நண்பர்களே, எங்கள் பண்ருட்டிக் கடையில் தரமான முந்திரி கிடைக்கும்" என்று எல்லாக் கடையும் சொல்லும். உங்களிடம் மட்டும் இருக்கும் சேதி அரை முந்திரி. அதைக் கடைசிக்கு முந்தைய வரியில் ஒளித்துவிட்டீர்களே! அதை முதலில் கொண்டுவந்துவிட்டேன். படிக்க ஒரு நிமிடத்துக்குள் முடியும்.

படம்: கை மட்டும், மிக அருகில். முழு முந்திரி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்த, அது இரண்டாகப் பிளக்கிறது. இசை வேண்டாம், பிளக்கும் சத்தம் கேட்க வேண்டும்.

குரல்: இப்போது இதன் விலை குறைந்துவிட்டது. சுவை குறைந்ததா?

படம்: வாணலியில் நெய், பொன்னிறமாகும் முந்திரி.

குரல்: பாயசத்துக்கு முழு முந்திரி வாங்கி, வீட்டில் நீங்களே உடைத்துத்தானே போடுகிறீர்கள்? உடைக்கப்போகும் பருப்புக்கு முழு விலை எதற்கு?

படம்: பட்டறையில் கொட்டை உடைக்கும் பெண்கள். முகங்களைவிடக் கைகள் தெரியட்டும்.

குரல்: கொட்டையை அவித்து, ஆறவைத்து, ஒவ்வொன்றாக உடைக்கிறோம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகிவிடும். அவ்வளவு கவனமாகக் கையாண்டாலும் சில பருப்புகள் பிளந்துதான் போகும். அதுதான் அரை முந்திரி.

பாக்கெட்டில் டபிள்யூ 320 என்று இருந்தால், ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 300 முதல் 320 முழுப் பருப்பு. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். விருந்தினர் முன் தட்டில் வைக்க அதை வாங்குங்கள். பாயசத்துக்கும் பொங்கலுக்கும் அரை முந்திரி போதும்.

படம்: நீங்கள் நேராகப் பார்த்து, கையில் கால் கிலோ பொட்டலத்துடன். திரையில் பெரிய எழுத்தில்: பாயசம்

குரல்: இந்த வாரம் உங்கள் வீட்டில் பாயசமா? கீழே "பாயசம்" என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள். இன்றைய விலையை உடனே அனுப்புகிறோம். கடலூர், நெய்வேலி, புதுச்சேரிக்குப் பார்சல் உண்டு.

லைக், பகிர்வு, போன், நேரில் வருகை என்று நீங்கள் கேட்டிருந்த நான்கையும் எடுத்துவிட்டேன். நான்கு கேட்டால் ஒன்றும் செய்யமாட்டார்கள். "நன்றி, வணக்கம்" கூட வேண்டாம். "பாயசம்" என்ற சொல் திரையில் நிற்கும்போதே வீடியோ முடியட்டும். ஏற்றும் நாளில் கடையில் ஒருவர் போனும் கையுமாக இருக்க வேண்டும். விலை கேட்டவருக்கு மறுநாள் பதில் போனால் அவர் அதற்குள் வேறு கடையில் வாங்கியிருப்பார்.