நிரூபிக்கும் பொறுப்பும் அனுமானங்களும்: வாய்மொழித் தேர்வுக்கு இருவர் பயிற்சி

சிவில் நீதிபதி வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இரண்டு பேராக உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டிய உரையாடல் இது. கோடு விழுந்த இடத்தில் தேர்வாளர் காத்திருக்கக் கூடாது; அடுத்தவர் மூச்சு விடும் முன் கேள்வி வந்து விழ வேண்டும். இங்கே தடுமாறுகிறவர்களில் நிறையப் பேர் பிரிவு எண்ணில் பதிலை ஆரம்பிக்கிறவர்கள். யாரும் சாட்சி சொல்லாவிட்டால் யார் தோற்பார் என்பதை முதலில் சொல்லுங்கள், எண் அப்புறம் வரட்டும். எண்கள் எல்லாம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்துக்கு உரியவை.

தேர்வாளர்: உட்காருங்கள் அம்மா. கடன் பத்திரத்தின் மேல் வழக்கு. பத்திரமே எழுதித் தரவில்லை என்கிறார் பிரதிவாதி. இரண்டு தரப்பும் சாட்சியம் தரவில்லை. யார் தோற்பார்?

மாணவி: வாதி, சார். பிரிவு 105-இன்படி சாட்சியமே இல்லாவிட்டால் யார் தோற்பாரோ அவர்மேல்தான்—

தேர்வாளர்: சரி. இப்போது பிரதிவாதி, "கையெழுத்து என்னுடையதுதான், மோசடி செய்து வாங்கினார்" என்கிறார். வாதி மறுக்கிறார். சாட்சியம் இல்லை.

மாணவி: பிரதிவாதி தோற்பார்.

தேர்வாளர்: ஆக, பொறுப்பு வாதியிடமிருந்து பிரதிவாதிக்கு மாறிவிட்டது?

மாணவி: ஆமாம் சார், மாறி—

தேர்வாளர்: மாறியதா? யோசித்துச் சொல்லுங்கள்.

மாணவி: இல்லை சார், மாறவில்லை. மோசடி என்று சொல்பவர் பிரதிவாதி. அதை நிரூபிக்கும் பொறுப்பு முதலிலிருந்தே அவருடையது. பத்திரத்தை அவரே ஒப்புக்கொண்டதால் வாதி நிரூபிக்க எதுவும் மீதி இல்லை. வழக்கு நடக்கும்போது கை மாறிக்கொண்டே இருப்பது சாட்சியம் கொண்டுவரும் கடமை. வழக்குரையால் விழும் பொறுப்பு நகராது.

(இந்த ஒரு பதிலை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படியுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.)

தேர்வாளர்: கொலை வழக்கு. தற்காப்புக்காகத்தான் வெட்டினேன் என்கிறார் எதிரி. யார் நிரூபிக்க வேண்டும்?

மாணவி: எதிரி. பிரிவு 108. விதிவிலக்குக்கான சூழ்நிலை இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். ஆனால்—

தேர்வாளர்: எந்த அளவுக்கு? ஐயத்துக்கு இடமில்லாமலா?

மாணவி: தேவையில்லை சார். அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

தேர்வாளர்: அந்த அளவுக்கும் காட்ட முடியவில்லை. உடனே தண்டனையா?

மாணவி: உடனே தண்டனை இல்லை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பிடமே இருக்கிறது. எதிரி காட்டிய அரைகுறைச் சான்று குற்ற எண்ணத்தின் மேல் நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பலன் அவருக்கே. 1964-இல் தாஹ்யாபாய் வழக்கில், மனநிலை பிறழ்ந்தவர் என்ற வாதத்தை வைத்து உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது.

தேர்வாளர்: இரவு. வீட்டுக்குள் கணவன், மனைவி. காலையில் மனைவி காயங்களோடு இறந்து கிடக்கிறாள். பிரிவு 109. கணவன்தான் விளக்க வேண்டும், சரிதானே?

மாணவி: ஆமாம் சார், அவருக்கு மட்டுமே தெரிந்த—

தேர்வாளர்: அன்றிரவு கணவன் வீட்டில் இருந்தார் என்று யார் சொன்னது?

மாணவி: அதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும்.

தேர்வாளர்: நிரூபிக்கவில்லை. கணவனும் வாய் திறக்கவில்லை.

மாணவி: அப்படியானால் பிரிவு 109-க்கே வேலை இல்லை சார். அரசுத் தரப்பின் ஓட்டையை அதை வைத்து அடைக்க முடியாது என்பது 1956-இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே தெளிவாகிவிட்டது. அவர் உள்ளே இருந்தார் என்று நிரூபித்த பிறகும் அவர் மௌனமாக இருந்தால், அல்லது பொய்யான விளக்கம் தந்தால், அது சங்கிலியில் இன்னொரு கண்ணியாகச் சேரும். திரிமுக் மாரோதி கிர்கன், 2006.

தேர்வாளர்: அனுமானம் எத்தனை வகை? சீக்கிரம்.

மாணவி: மூன்று. அனுமானிக்கலாம், அனுமானிக்க வேண்டும், முடிவான சான்று.

தேர்வாளர்: முப்பது வருடப் பழைய ஆவணம்?

மாணவி: அனுமானிக்கலாம். பிரிவு 92. உரிய இடத்தில் பாதுகாப்பாக இருந்து வந்திருக்க வேண்டும்.

தேர்வாளர்: வரதட்சணை மரணம்?

மாணவி: அனுமானிக்க வேண்டும். பிரிவு 118. இறப்பதற்குச் சற்று முன்பு வரதட்சணை கேட்டுக் கொடுமை—

தேர்வாளர்: அந்தக் கொடுமையையும் அனுமானிக்கலாமா?

மாணவி: கூடாது சார். அதை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் அனுமானமே பிறக்கும்.

தேர்வாளர்: காசோலைக்கு வருவோம். கையெழுத்து நீல மையில். தொகையும் தேதியும் கறுப்பு மையில், வேறு கையெழுத்தில். "கையெழுத்து என்னுடையது, வெற்றுக் காசோலையாகப் பிணைக்குக் கொடுத்தது" என்கிறார் எதிரி. இனி புகார்தாரர் என்ன நிரூபிக்க வேண்டும்?

மாணவி: கடன் கொடுத்ததை—

தேர்வாளர்: கையெழுத்தை ஒப்புக்கொண்ட பிறகுமா?

மாணவி: மன்னிக்கவும் சார். ஒப்புக்கொண்டதுமே மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 139-இன் அனுமானம் எழுந்துவிடும். மற்ற இடங்களை வேறொருவர் நிரப்பினார் என்பதால் மட்டும் அது விழாது என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பானது.

தேர்வாளர்: காசோலை வந்தது என்ற அனுமானமா, கடன் இருந்தது என்ற அனுமானமா?

மாணவி: சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் இருந்தது என்பதும் அதில் அடங்கும். ரங்கப்பா வழக்கு, 2010.

தேர்வாளர்: அப்படியானால் எதிரி கூண்டேறிச் சாட்சி சொல்லியே தீர வேண்டும்.

மாணவி: வேண்டியதில்லை சார். புகார்தாரரின் சாட்சியத்திலிருந்தே அனுமானத்தை உடைக்கலாம். ஆறு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன் என்கிறவரிடம், அந்தப் பணம் எந்த வங்கியில் இருந்தது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டு, கொடுக்கும் வசதியே இல்லை என்று நம்பும்படி செய்துவிட்டால்—

தேர்வாளர்: பந்து யார் பக்கம்?

மாணவி: புகார்தாரர் பக்கம். வசதி இருந்ததை அவர்தான் காட்ட வேண்டும். பசலிங்கப்பா, 2019. வெறும் மறுப்பு மட்டும் போதாது.

தேர்வாளர்: மணமுறிவாகி 270-ஆம் நாள் குழந்தை பிறக்கிறது. தகப்பன் யார்?

மாணவி: முன்னாள் கணவர். பிரிவு 116, 280 நாள், முடிவான—

தேர்வாளர்: இடையில் தாய் மறுமணம் செய்துகொண்டாள்.

மாணவி: அப்படியானால் அந்த 280 நாள் அனுமானம் பொருந்தாது. தாய் மறுமணம் செய்யாமல் இருந்தால்தான் அது.

தேர்வாளர்: மறுமணம் இல்லை. டி.என்.ஏ. அறிக்கை கணவர் தகப்பன் அல்ல என்கிறது. முடிவான சான்றை மீறலாமா?

மாணவி: நந்த்லால் வழக்கில், 2014-இல், ஏற்கெனவே வந்திருந்த அறிக்கைக்கு உச்ச நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. அதற்காகக் கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது. 2023-இல் அபர்ணா பிரோடியா வழக்கில் குழந்தையின் நலனை முன்வைத்து அதைத் தடுத்தார்கள். பிரிவில் உள்ள ஒரே வழி, அந்தக் காலத்தில் தம்பதிகள் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டுவது.

தேர்வாளர்: கடைசி. 2015-இல் காணாமல் போனவர். 2023-இல் வழக்கு. எப்போது இறந்தார்?

மாணவி: ஏழு வருடம் முடிந்த 2022-இல்—

தேர்வாளர்: எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது?

மாணவி: எதிலும் இல்லை சார். ஏழு வருடமாக, இருந்திருந்தால் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லை என்றால், உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பிரிவு 111 சொல்வது அவ்வளவுதான். எந்த நாளில் இறந்தார் என்பதற்கு அனுமானம் கிடையாது. 2004-இல் எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் இப்படித்தான் முடிவானது. குறிப்பிட்ட தேதியில் இறந்தார் என்று சொல்லி காப்பீட்டுத் தொகை கேட்பவர், அந்தத் தேதியைச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும்.

இப்போது இடம் மாறி உட்காருங்கள். காசோலையில் கையெழுத்தையே எதிரி மறுக்கிறார் என்று வைத்துக்கொண்டு, "காசோலைக்கு வருவோம்" என்ற இடத்திலிருந்து தாளைப் பார்க்காமல் மறுபடி ஆரம்பியுங்கள்.