அரை மணித்தியாலம்: கேம் ஜாமுக்கான ஒரு பக்க முன்மொழிவு

ஜாமின் தலைப்பு: கடன் வாங்கிய நேரம்
அணி: யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று பேர் (கோட், கதை, ஒலி). படம் வரைய ஒருவர் தேவை.
விளையாடும் நேரம்: ஏழரை நிமிடம். பிரவுசரில் ஓடும், மவுஸ் மட்டும் போதும்.

ஒரே மூச்சில்

2006 சித்திரை வருடப்பிறப்பு இரவு. விடிய முதல் பஸ்ஸில் தம்பி கிளிநொச்சிக்குத் திரும்புகிறான், அங்கே ஒரு கராச்சில் வேலை. அவனுடைய பையைக் கட்டி முடிக்க அக்காவுக்கு நேரம் போதாது. வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி அயலட்டையிடம் நிமிடங்களைக் கைமாற்றாக வாங்குகிறாள். வாங்கியதை அன்றிரவே திருப்ப வேண்டும்.

ஏன் அந்த இரவு

தலைப்பு வந்த வெள்ளி பின்னேரமே எங்களுக்கு ஒன்று தெரிந்தது: இந்த முறை பாதிப் பேர் யமனோடு பேரம் பேசுகிற கேம் செய்வார்கள், மீதிப் பேர் குறைந்துகொண்டு போகிற ஒரு சிவப்புக் கோட்டைத் திரையின் மேல் வைப்பார்கள். எங்களிடமும் முதலில் வந்தது யமன்தான். அரை மணித்தியாலம் வாதாடி அவரை அனுப்பிவிட்டோம்.

பிறகு கதை எழுதுகிறவர் வீட்டில் நடந்த பேச்சைச் சொன்னார். அவருடைய அம்மம்மா இன்றைக்கும் "புதிய நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்பாராம். முப்பது வயது தாண்டிய எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். சின்னவர்களுக்காகச் சொல்கிறோம்: 1996 மே 25 அன்று மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரை மணித்தியாலம் பத்து வருடம் கடனாகவே கிடந்தது. (1990க்குப் பிறகு தேசிய மின்சாரத்தையே காணாத குடாநாட்டிலும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூடு மாறியது. இதைக் கேமில் போடவில்லை, போட்டால் பகிடி கூடிவிடும்.) புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குப் போகிறவன் கைமணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவான், வரும்போது முன்னுக்குத் திருப்புவான்.

2006 ஏப்ரல் 15, இரவு பன்னிரண்டரை ஆனதும் வன்னி தவிர்ந்த நாடு முழுவதும் மணிக்கூடு பன்னிரண்டுக்குத் திரும்பியது. பல கணினிகளில் இருக்கிற `Asia/Colombo` என்ற நேர வலயத்தின் பதிவில் இந்த மூன்று மாற்றமும் கிடக்கிறது. அதாவது அந்த இரவு பன்னிரண்டில் இருந்து பன்னிரண்டரை வரைக்கும் உள்ள நேரம் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இரண்டு தரம் வந்தது. ஒரு நாடு வாங்கிய நேரத்தைத் திருப்பிக் கொடுத்த இரவு அது. அதற்கு முதல் நாள் வருடப்பிறப்பாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்: மருத்துநீர், கைவிசேடம், பலகாரம் எல்லாம் சும்மா கிடைக்கிறது.

எப்படி விளையாடுவது

ஒரே திரை. நடுவில் அக்கா வீட்டுக் குசினியும் விறாந்தையும், இரண்டு பக்கமும் கிடுகு வேலி. இடப்பக்கம் பூமணி மாமி வீடு, வலப்பக்கம் ரீச்சர் வீடு, பின்னுக்குத் தம்பையா அப்புவின் கொட்டில். மணி எட்டுக்குத் தொடங்கும். கேமின் ஒரு நிமிடம் எங்கள் ஒன்றரை விநாடி.

அக்காவுக்கு ஆறு வேலை: சேட்டுக்குப் பொத்தான் தைக்க வேண்டும், அயர்ன் பண்ண வேண்டும், புழுக்கொடியல் கட்ட வேண்டும், பையின் அறுந்த வாரைத் தைக்க வேண்டும், பயத்தம் பணியாரம் சுட வேண்டும். ஆறாவது, விறாந்தையில் தம்பிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த ஆறாவதை எந்தப் பட்டியலிலும் காட்டமாட்டோம். தம்பி அங்கே இருப்பான், கிளிக் பண்ணினால் அக்கா போய்ப் பக்கத்தில் இருப்பாள், அவ்வளவுதான்.

நேரம் போதாதென்று விளையாடுகிறவருக்கு ஒன்பது மணிக்கே விளங்கிவிடும். பொட்டைக் கிளிக் பண்ணினால்:

"மாமி, ஒரு பத்து நிமிசம் கைமாத்தாத் தாறியளோ?"
"எடு பிள்ளை. விடியமுன்னம் தந்தாச் சரி."

உங்கள் மணிக்கூடு பத்து நிமிடத்துக்கு நிற்கும். அந்தப் பத்து நிமிடமும் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும்: மாமியின் கை அப்படியே நிற்கும், அடுப்பு நிற்காது. எண்ணெய்ச் சட்டியில் இருக்கிற பணியாரம் பொன்னிறத்தில் இருந்து மண்ணிறத்துக்குப் போகும். மாமி ஒன்றும் சொல்லமாட்டா.

ரீச்சரிடம் வாங்குவதுதான் எங்களுக்கே வயிற்றைப் பிசைகிற இடம். அவ கிளிநொச்சியில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறா, தம்பிதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவவிடம் ஐந்து நிமிடம் வாங்கினால் கடிதத்தில் ஒரு வரி எழுதப்படாமல் போகும். எந்த வரி என்று உங்களுக்கு அப்போது தெரியாது. விடிய அவ கடிதத்தை மடித்துத் தரும்போது நாங்கள் அதைத் திரை முழுக்கக் காட்டுவோம். யாரிடமும் வாங்காமல் விளையாடினால் பதினான்கு வரி இருக்கும். எங்கள் காகித மாதிரியில் ஒருவர் எட்டு வரி வாங்கிவிட்டார். மிஞ்சிய கடிதம் "அங்கை மழை எண்டால்" என்று முடிந்தது. அவர் திரும்ப ஒருமுறை விளையாடக் கேட்டார்.

திருப்பிக் கொடுப்பதும் அதே பொட்டில்தான். பத்து நிமிடம் கொடுக்க வேண்டுமென்றால் அக்கா பொட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பாள், மாமி வேலை செய்வா. கணக்கெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில் அக்காவின் கையெழுத்தில் விழும். மூலையில் இலக்கம், பட்டை, புள்ளி ஒன்றும் இல்லை. கொப்பியைத் திறந்து பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று தெரியும்.

விதி இவ்வளவுதான்:

```gdscript
func kaimaatru(aal, nimidam):
    aal.kai -= nimidam
    akka.kai += nimidam
    koppi.append([aal.peyar, nimidam])
```

ஒரு பக்கம் கழிகிறது, மறுபக்கம் கூடுகிறது, புதிதாக ஒரு நிமிடமும் பிறப்பதில்லை. வட்டிக்கு நேரம் கொடுக்கிற ஒரு பாத்திரம் முதல் வரைவில் இருந்தார். பத்து வாங்கினால் பன்னிரண்டு கேட்பார். அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வரும் என்று கோட் எழுதுகிறவர் கேட்டார், எங்களிடம் பதில் இல்லை. வெட்டிவிட்டோம்.

தம்பையா அப்பு

அப்பு கடன் கொடுக்கமாட்டார். கேட்டால், "என்னட்டை இருக்கிறது பழைய நேரம் பிள்ளை, உனக்கு ஒத்துவராது" என்பார். அவர் 1996இல் மணிக்கூட்டைத் திருப்பவே இல்லை. "நீங்கள்தான் பத்து வருசமா அவசரப்படுறியள்." அவருடைய சுவர் மணிக்கூடு எப்போதும் உங்களுடையதற்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். உங்கள் நேரம் ஒன்பதே முக்காலுக்கு அவர் வீட்டில் பிபிசி தமிழோசை தொடங்கும், அவருக்கு அப்போது ஒன்பதே கால்.

முதல் தரம் விளையாடுகிறவர் இதை ஒரு கிழவரின் பிடிவாதம் என்று நினைத்துக் கடந்துபோவார். பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது என்று திரை இருளத் தொடங்கும். பிறகு அப்புவின் மணிக்கூடு பன்னிரண்டு அடிக்கும், உங்கள் மணிக்கூடும் பன்னிரண்டுக்குத் திரும்பும். முப்பது நிமிடம், நிஜத்தில் நாற்பத்தைந்து விநாடி. யாரிடமும் வாங்காதது. அதை வைத்து மாமியின் கடனையும் ரீச்சரின் கடனையும் அடைக்கலாம். அல்லது விறாந்தைக்குப் போய்த் தம்பிக்குப் பக்கத்தில் இருக்கலாம். இரண்டும் செய்ய முடியாதபடிதான் நிமிடங்களை அளந்து வைத்திருக்கிறோம். இரண்டாம் தரம் விளையாடுகிறவர் அப்புவின் மணிக்கூட்டைப் பார்த்தே திட்டம் போடுவார், அப்போது கேம் வேறொன்றாகிவிடும்.

வெற்றி தோல்வி என்று திரையில் வராது. விடிய ஐந்து மணி, பை, கடிதம், மாமி தருகிற பணியாரச் சரை, பஸ். சேட்டில் பொத்தான் இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் ஊசி குத்தியிருக்கும். அதே வருடம் ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதை நாங்கள் எங்கேயும் எழுதமாட்டோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது ஒரு பஸ்.

48 மணித்தியாலத்தில் முடியுமா

முடியும், ஏனென்றால் நடக்கிற மிருகம் ஒன்றும் இல்லை. 320×180 பிக்சல், ஒரு பின்னணி, ஐந்து ஆட்கள், ஆளுக்கு மூன்று நாலு அசைவு. கோடோ 4.3 பாவிக்கிறோம். போன ஜாமில் பழைய 3ஆம் பதிப்பைப் பிடித்துக்கொண்டு, கொம்பு ஒரு பக்கமும் அரவு ஒரு பக்கமும் பிரிந்துபோன தமிழைப் பார்த்து இரவிரவாக எழுத்துகளைப் படமாக வரைந்தோம். 4ஆம் பதிப்பில் தமிழ் ஒழுங்காகக் கோர்க்கிறது, இந்தக் கேமில் வாசிக்க நிறைய இருப்பதால் அது எங்களுக்கு உயிர். சனி இரவுக்குள் மாமியும் ரீச்சரும் ஓட வேண்டும். நேரம் போதாவிட்டால் பணியாரம் நிறம் மாறுவதை வெட்டுவோம், அயர்ன் வேலையை வெட்டுவோம். அப்புவையும் கடிதத்தையும் தொடமாட்டோம்.

இசை இல்லை. மணிக்கூட்டின் டிக் டிக், எண்ணெய் பொரிகிற சத்தம், வானொலி இரைச்சல், தூரத்தில் ஒரு நாய். பொட்டைத் திறக்கும்போது கிடுகு உரசுகிற சத்தம் கட்டாயம் வேண்டும், அதை நாளைக் காலையில் கொக்குவிலில் ஒரு வேலியில் பதிவு செய்யப் போகிறோம்.

தேவை

பிக்சல் படம் வரைகிற ஒருவர். கிடுகு வேலியைப் படத்தில் அல்லாமல் நேரே பார்த்தவராக இருந்தால் நல்லது, ஏனென்றால் நாங்கள் வரைந்த மூன்று மாதிரியும் பாய் மாதிரி இருக்கிறது. அடிக்கிற பழைய சுவர் மணிக்கூடு வீட்டில் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால், இன்றிரவு பன்னிரண்டுக்கு ஒரு போனோடு வருகிறோம். பன்னிரண்டு அடியும் முழுதாக வேண்டும், வெட்டி ஒட்டினால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். நாங்கள் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேசையில் இருக்கிறோம்.